மேல மாசியும் வடக்கு மாசியும்

அன்புள்ள தம்பிக்கு,

மதுரை பார்க்க வருகிறவர்களுக்காகப் பல காலமாக அடித்த புரோஷர்களையெல்லாம் சேர்த்து ஒரே கையேடாக்கும் வேலை உன் மேசைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். 'மீனாட்சியம்மன் கோவில்', 'மீனாக்ஷி அம்மன் கோயில்' என்று ஆளுக்கொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள், ஸ்டைல் ஷீட்டில் எதை ஏற்றுவது என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் ஏற்றாதே. ஒன்றைச் சரி என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், கண் மற்றதையெல்லாம் பிழையென்று திருத்திக்கொண்டே போகும், குறித்துவைக்காது.

ஒவ்வொரு புரோஷருக்கும் ஒரு எண் போடு. அடித்த ஆண்டும் அச்சகமும் தெரிந்தால் அதன் மேலேயே எழுது. பிறகு வரிவரியாகப் படித்து, ஒரே சொல்லுக்கு வரும் வடிவங்களையும் அவை வரும் புரோஷர் எண்களையும் பட்டியலிடு. 'மகால்' மூன்றில் இருக்கிறது, 'மஹால்' ஐந்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள். ஐந்துதான் பெரிது என்று முடிவுகட்டிவிடாதே. அந்த ஐந்தையும் அருகருகே வைத்து, திருமலை நாயக்கர் பற்றிய பத்தியைப் படித்துப் பார். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்து, விட்டுப்போன ஒற்றும் அதே இடத்தில் விட்டுப்போயிருந்தால், ஒன்றைப் பார்த்துத்தான் மற்றவை அடிக்கப்பட்டிருக்கின்றன. அவை ஐந்து சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி.

ஆகவே எண்ணிக்கையைக் கடைசியில் வை. ஓர் இடத்தின் பெயர் என்றால், அதை நிர்வகிப்பவர்கள் பலகையில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார். மகால் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, கோயில் அறநிலையத் துறையின் பொறுப்பில். பொதுச்சொல் என்றால் அகராதி. சிம்மக்கல்லிலேயே மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, க்ரியா அகராதியையும் லெக்சிகனையும் அங்கே கேட்டுப் பார். இரண்டும் பிடிகொடுக்காதபோது எண்ணிக்கைக்கு வா.

கோயில், கோவில் இரண்டும் சரியான வடிவங்கள்தான். அறநிலையத் துறை 'திருக்கோயில்' என்று எழுதுவதால் நான் 'கோயில்' என்பதை எடுப்பேன். ஆனால் அந்த விதியை எழுதிய கையோடு, அது எங்கே நிற்கும் என்பதையும் எழுதிவிடு. கணினியில் ஒரே தட்டில் எல்லாக் 'கோவி'லையும் மாற்றினால் நாகர்கோவிலும் சங்கரன்கோவிலும் மாறிப்போகும். 'மஹால்' இன்னும் மோசம். விளம்பரப் பக்கத்தில் வரும் கல்யாண மண்டபங்களின் பெயர்கள் அவரவர் வைத்துக்கொண்டவை, அதில் நமக்கு உரிமை இல்லை. மாற்றும்போது ஒவ்வொன்றாக நின்று பார்த்து மாற்று.

நம் ஊர் வீதிகள் இதைவிடக் கடினம். வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி என்கிறோம். மற்ற இரண்டும் மேல மாசி வீதி, கீழ மாசி வீதி. ஒழுங்கு வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு புரோஷரில் 'மேற்கு மாசி வீதி' என்று திருத்தியிருப்பார். வெளியூர்க்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் கேட்டால் குழப்பம்தான். ஊர் வாயில் இருப்பதே இங்கே விதி. நான்கு பெயர்களையும் தனித்தனியாக ஷீட்டில் எழுது, 'திசைப்பெயர்களை ஒரே மாதிரி எழுதவும்' என்று பொதுவாக எழுதாதே. 'மேலமாசி' என்று சேர்ப்பதா பிரிப்பதா என்பது மட்டும் உன் முடிவு. நான் பிரிப்பேன். கண்டிப்பாக, நான்கிலும்.

தொனிக்கு 'மரியாதையாக எழுதவும்' என்று ஒரு வரி போட்டால் யாருக்கும் பயன் இல்லை. குவியலிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துத் திருத்திக் காட்டு. 'பக்தர்கள் காலணிகளுடன் உட்பிரவேசித்தல் தடை செய்யப்பட்டுள்ளது' என்று ஒன்றில் இருந்தால், பக்கத்தில் 'செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்' என்று எழுது. அதிலேயே மூன்று முடிவுகள் வந்துவிடுகின்றன: படிப்பவரிடம் நேராகப் பேசுகிறோம், '-உங்கள்' விகுதி போடுகிறோம், காலணி வேண்டாம், செருப்புதான். அடுத்து வருகிறவர் இந்த இரண்டு வரிகளைப் பார்த்தே மற்றதை எழுதிவிடுவார்.

ஆயிரங்கால் மண்டபத்தில் 1000 தூண்கள் என்று ஒன்றும் 985 என்று இன்னொன்றும் சொல்வதை ஷீட்டில் சேர்க்காதே. அது நடை அல்ல, தகவல். 985தான் சரி, ஆனால் இத்தகையவற்றைத் தனித்தாளில் எழுதி, வேலை கொடுத்தவரின் ஒப்புதல் வாங்கு.

கடைசியாகத் தேடிப் பார்க்கும்போது ஸ்ரீயிடம் கவனமாக இரு. யூனிகோடில் அது இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது: 'ஸ' (U+0BB8) வைத்து ஒன்று, 'ஶ' (U+0BB6) வைத்து இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். கோயில் புரோஷரில் ஸ்ரீ எத்தனை இடத்தில் வரும் என்று உனக்கே தெரியும். இரண்டையும் தனித்தனியாகத் தேடி, முதல் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, எந்த வடிவம் என்று ஷீட்டில் குறித்துவை. பழைய வானவில், பாமினி எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு இதை மறுபடியும் ஒருமுறை செய்.

அன்புடன்,
உன் அண்ணன்