மருந்துக் கடையில் எது வீணாகும்? எக்ஸெல் முன்கூட்டியே சொல்லும்

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி விற்பவருக்கு ஒரு வசதி உண்டு. இந்த ஆண்டு விற்காத ஜாடியை அடுத்த ஆண்டும் விற்கலாம். அதே ஊரில் மருந்துக் கடை நடத்தும் என் நண்பருக்கு அந்த வசதி இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவியே, காலாவதியாகி வீணாகும் மருந்துகளைப் பற்றியதுதான்.

"என் கடையில் சரக்கு வருடத்துக்கு எட்டு முறை சுழல்கிறதே, பிறகு ஏன் நஷ்டம்?" என்றார். ஓராண்டில் விற்ற சரக்கின் கொள்முதல் மதிப்பைச் சராசரி இருப்பின் மதிப்பால் வகுத்தால் வருவது சுழற்சி. எட்டு என்பது நல்ல எண்தான். ஆனால் அது பாராசிட்டமாலும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து உண்டாக்கும் எண். மெதுவாக நகரும் மருந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். யூரிக் அமில மூட்டுவலிக்கான கோல்சிசினை மட்டும் தனியே பார்த்தோம். மாதம் 2 அட்டை விற்கிறது, இருப்பு 45 அட்டை. வருடத்துக்கு 24 விற்றால் சுழற்சி ஒன்றுகூட இல்லை, அரைதான்!

அந்த 45 அட்டையும் இரண்டு பேட்ச். பழையது 12 அட்டை, காலாவதிக்கு 4 மாதம் இருக்கிறது. புதியது 33 அட்டை, 18 மாதம் இருக்கிறது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் 30 வாங்கி 3 இலவசமாகப் பெற்றவை.

எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் A முதல் H வரை இப்படித் தலைப்பிடுங்கள்: மருந்து, பேட்ச், எக்ஸ்பைரி, இருப்பு, மாத விற்பனை, மீதி மாதம், விற்கும், தங்கும். ஒரு பேட்சுக்கு ஒரு வரி. ஒரே மருந்தின் பேட்ச்களில் முதலில் காலாவதியாவது மேலே வரட்டும்.

எக்ஸ்பைரியை டைப் செய்யும்போதுதான் பலர் ஏமாறுவார்கள். அட்டையில் MAR 27 என்று இருப்பதை அப்படியே அடித்தால், எக்ஸெல் அதை இந்த ஆண்டு மார்ச் 27-ம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டை நான்கு இலக்கமாக Mar-2027 என்று அடியுங்கள். அப்போது மார்ச் 1 என்று பதிவாகும். மாதமும் ஆண்டும் மட்டும் அச்சிட்ட மருந்துக்கு அந்த மாதத்தின் கடைசி நாள்வரை கெடு உண்டு. அதையும் சேர்த்து F2, G2, H2 செல்களில் முறையே இவற்றை அடியுங்கள்:

```
=DATEDIF(TODAY(),EOMONTH(C2,0)+1,"m")
=MIN(D2,MAX(0,E2*F2-SUMIF(A$1:A1,A2,G$1:G1)))
=D2-G2
```

மூன்றையும் கீழே இழுத்து நகல் எடுங்கள். F-ல் #NUM! வந்தால் அந்த மருந்து ஏற்கெனவே காலாவதி. அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு அந்த வரியையும் நீக்குங்கள்.

G-யில் நடப்பது இதுதான். நான்கு மாதத்தில் 8 அட்டை விற்கும். எனவே பழைய பேட்சில் 4 தங்கும். பதினெட்டு மாதத்தில் மொத்தம் 36 விற்கும். அதில் 8 பழைய பேட்சிலிருந்து போய்விட்டதால் புதியதில் 28 மட்டுமே விற்கும், 5 தங்கும். ஆக, ஸ்கீமில் இலவசமாக வந்த மூன்றும் குப்பைக்கு. காசு கொடுத்த இரண்டும் கூடவே போகும். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை.

பழையதை முதலில் விற்றால்தான் இந்தக் கணக்கு. கடைப் பையன் புதிய பெட்டியை முன்னால் அடுக்கிவிட்டால் பழைய 12-ம் வீண். அலமாரியை எக்ஸெல் திருத்தாது!

H-ல் எண் வந்த வரிகளை மட்டும் மாதம் ஒருமுறை பார்த்து, மொத்த வியாபாரியிடம் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். திருப்பி எடுக்கும் கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வெட்டிய அட்டையைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். காலாவதியான பிறகு திரும்பப் போகக் காத்திருப்பதை, விற்பனைக்கு அல்ல என்று மேலே எழுதிய தனிப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். இது மருந்து விதிகளிலேயே இருக்கிறது. கடையிலேயே கழித்துவிட்டால், வாங்கும்போது எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவையும் திருப்ப வேண்டும். எனவே நஷ்டம் கொள்முதல் விலையோடு நிற்காது.

தினமும் சாப்பிடும் மாத்திரை என்றால் F சூத்திரத்தின் முடிவில் -1 சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் அதைச் சாப்பிட்டு முடிக்கவும் ஒரு மாதம் வேண்டுமல்லவா?

E-யில் உள்ள 2 என்ற எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். "ஒரே ஒரு பெரியவர்தான்" என்றார் நண்பர். அவர் நெய்வேலியில் மகன் வீட்டுக்குக் குடிபோனால் E உடனே பூஜ்யம், 45 அட்டையும் H-க்கு வந்துவிடும். இப்போது அந்த வரிக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறோம். பெரியவர் வந்து கேட்கும் மாதத்தில் 2 அட்டை மட்டும் ஆர்டர், ஸ்கீம் கிடையாது.