கணினிப் பாடம்: மூன்று தாள், ஒரே தலைப்பு, வேறு வேறு கணக்கு



பொறுப்பில் இருக்கும் எல்லாருக்கும் ஒருநாள் இப்படி ஒரு வாட்ஸ்அப் வரும்: “தம்பி, ஃபைல் அனுப்பியிருக்கேன். மூணு ஷீட் இருக்கு. ஒண்ணா சேர்த்துடு.” எனக்கும் வந்தது. பள்ளி விடுமுறை முகாம் ஒன்றுக்குப் பெயர் பதிந்த பிள்ளைகளின் பட்டியல். மலாக்காவில் மூன்று மாவட்டம், அதனால் மூன்று தாள்: Melaka Tengah, Alor Gajah, Jasin. ஒவ்வொன்றையும் வேறு ஆள் நிரப்பியிருந்தார். மலாக்கா தெங்காவில் 52 பிள்ளைகள், அலோர் காஜாவில் 41, ஜாசினில் 38. தலைக்கு 50 ரிங்கிட் கட்டணம். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள்.

சேர்ப்பது பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். ஒரு தாளைப் பிடித்து அடுத்ததின் கீழே ஒட்டினால் முடிந்தது, இல்லையா? முடியவில்லை. அந்த வேலையை எப்படிச் சரியாகச் செய்வது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எக்செல் இரண்டு விதமாகத் தாள்களைச் சேர்க்கும். நாம் கையால் நகலெடுத்து ஒட்டினாலும், புதிய எக்செலில் `VSTACK` போட்டாலும், அது இடத்தைத்தான் பார்க்கும். இரண்டாவது பத்தி இரண்டாவது பத்தியின் கீழே போகும். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிக்காது. பவர் குவேரியில் `Append` செய்தால் எதிர்மாறு. அது தலைப்பின் பெயரைப் பார்த்துச் சேர்க்கும், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு புள்ளி கூடினாலும் வேறு பத்தி என்று ஒதுக்கிவிடும்.

எனக்கு வந்த கோப்பில் இரண்டு வலையும் இருந்தன. மலாக்கா தெங்கா, அலோர் காஜா தாள்களில் வரிசை `Nama`, `No KP`, `Telefon`, `Yuran`. ஜாசின் தாளில் `Nama`, `Telefon`, `No. KP`, `Yuran`. அப்படியே ஒட்டியிருந்தால் 38 பிள்ளைகளின் கைப்பேசி எண் ஐசி பத்திக்குள் போய் உட்கார்ந்திருக்கும். பவர் குவேரி போட்டிருந்தால் `No KP` ஒன்று, புள்ளியோடு `No. KP` ஒன்று என்று இரண்டு பத்தி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி காலியாகக் கிடந்திருக்கும். இந்த இரண்டாவது தவறு பரவாயில்லை, காலி இடம் கண்ணில் படும். முதலாவது கண்ணில் படாது. எண்ணுக்குப் பதிலாக எண்தானே இருக்கிறது!

அதனால் சேர்ப்பதற்கு முன்னால் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வைத்துவிட்டு, `Semak` என்று ஒரு காலித் தாள் திறந்து, தலைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

```
=EXACT('Melaka Tengah'!A1,Jasin!A1)
```

இதை வலப்பக்கம் நான்கு கட்டத்துக்கு இழுத்தால் போதும். எங்கே `FALSE` வருகிறதோ அங்கே வேலை இருக்கிறது. தாள் பெயரில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோள் குறி போட மறக்காதீர்கள். சில நேரம் இரண்டு தலைப்பும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஆனாலும் `FALSE` வரும். அப்போது `=LEN(Jasin!A1)` போட்டு எழுத்தை எண்ணிப் பாருங்கள். `Nama` என்பதற்கு 5 வந்தால், பின்னால் யாரோ ஸ்பேஸ் பட்டனைத் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

வரிசையையும் தலைப்பையும் சரி செய்த கையோடு, ஒவ்வொரு தாளிலும் ஐந்தாவதாக `Sumber` என்று ஒரு பத்தி சேர்த்து, அந்த மாவட்டத்தின் பெயரை எல்லா வரியிலும் நிரப்பிவிடுங்கள். சேர்த்த பிறகு எந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இது ஒன்றுதான் பதில் சொல்லும்.

இனி ஐசி எண். நம் மைகார்டு எண்ணில் 12 இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி (ஆண்டு, மாதம், நாள்), அடுத்த இரண்டு பிறந்த இடம் (மலாக்காவுக்கு 04), கடைசி நான்கில் இறுதி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒருவர் கோடு போட்டு எழுதுவார், இன்னொருவர் கோடு இல்லாமல் எழுதுவார். கோடு இல்லாமல் எழுதினால் எக்செல் அதை ஒரு தொகை என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை விழுங்கிவிடும். 2009-இல் பிறந்த பிள்ளையின் எண் 09 என்று தொடங்க வேண்டும். அது 9 என்று தொடங்கி 11 இலக்கத்தில் நிற்கும். 2010-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு எதுவும் ஆகாது. அதனால்தான் இந்தத் தவறு ஏமாற்றுகிறது: முதல் பத்து வரியைப் பார்த்து “எல்லாம் சரிதான்” என்று விட்டுவிடுவோம், மூத்த பிள்ளைகள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள்.

சேர்த்த தாளில் ஐசி B பத்தியில் இருந்தால், F பத்தியில் இதைப் போடுங்கள்.

```
=TEXT(SUBSTITUTE(B2,"-",""),"000000000000")
```

கோட்டை எடுத்துவிட்டு, குறையும் பூஜ்ஜியத்தை நிரப்பி 12 ஆக்கிவிடும். ஆனால் அவசரப்பட வேண்டாம். இந்தச் சூத்திரம் 12 இலக்கத்துக்குக் குறைந்த எந்த எண்ணைக் கொடுத்தாலும் 12 இலக்கமாக்கும். தவறி விழுந்த கைப்பேசி எண்ணுக்கும் முன்னால் பூஜ்ஜியம் வைத்து ஐசி வேஷம் போட்டு அனுப்பும். ஆகவே நிரப்புவதற்கு முன்பே `=LEN(SUBSTITUTE(B2,"-",""))` போட்டு நீளத்தைப் பாருங்கள். 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் பட்டியலில் 12 அல்லது 11தான் வர வேண்டும். 9, 10 என்று வந்தால் அது பூஜ்ஜியம் போன ஐசி அல்ல, வேறு ஏதோ ஒன்று.

நம்மவர் பெயரில் இன்னொரு சோதனை ஒளிந்திருக்கிறது. பெயருக்கு நடுவில் A/L இருந்தால் ஐசியின் இறுதி எண் ஒற்றைப்படை, A/P இருந்தால் இரட்டைப்படை. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கேட்டுவிடலாம்.

```
=ISNUMBER(SEARCH("A/L",A2))=(MOD(RIGHT(F2,1),2)=1)
```

இது எதற்கு? யாராவது பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகரவரிசைப்படுத்தியிருந்தால், பெயர்கள் இடம் மாறியிருக்கும், எண்கள் பழைய இடத்திலேயே நிற்கும். தலைப்பு சரி, நீளம் சரி, வரிகளின் எண்ணிக்கை சரி, ஆனால் ஒருவர் எண் இன்னொருவரிடம். அப்படி நடந்திருந்தால் ஆணும் பெண்ணும் கலந்த பட்டியலில் ஏறக்குறைய பாதி வரிகளில் `FALSE` வரும். எனக்கு மூன்று வந்தது. மூன்றுமே A/L, A/P போடாமல் எழுதிய ஆண் பிள்ளைகளின் பெயர்கள். நிம்மதி.

இனி எண்ணிக்கை. சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் `=COUNTA(Jasin!A2:A500)`, சேர்த்த பின் `=COUNTIF(E:E,"Jasin")`. இரண்டும் 38 என்று வர வேண்டும், மொத்தம் 131. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கோவிட் பரிசோதனை முடிவுகளைச் சேர்த்தபோது 15,841 பேரின் முடிவுகள் விடுபட்டுப் போயின. பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள் கணக்கில் தாமதமானது.

இவ்வளவும் பார்த்து முடித்துவிட்டு, கட்டணம் கட்டாதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப உட்கார்ந்தேன். `Yuran` பத்தியில் பூஜ்ஜியம் உள்ளவர்கள் 42 பேர். பத்தியின் கூட்டுத்தொகை 4,450 ரிங்கிட். பொருளாளர் அக்காவைக் கேட்டேன். “கையில 5,300 இருக்கே தம்பி, ரசீதும் இருக்கு” என்றார்.

850 ரிங்கிட் அதிகமாக இருக்கிறது! பணம் குறைந்தால் பதறுவோம், கூடினால் பதற வேண்டாமா? `Sumber` பத்தியை வைத்து மாவட்டவாரியாகப் பிரித்தேன்.

```
=SUMIF(E:E,"Alor Gajah",D:D)
```

மலாக்கா தெங்கா 2,350, அதாவது 47 பேர் கட்டியிருக்கிறார்கள், 5 பேர் பாக்கி. ஜாசின் 1,500, 30 பேர் கட்டியது, 8 பேர் பாக்கி. அலோர் காஜா 600 மட்டும். 41 பிள்ளைகளில் 12 பேர்தான் கட்டினார்களா? அக்காவின் ரசீதில் அலோர் காஜாவுக்கு 29 பேர் கட்டிய 1,450 ரிங்கிட் இருந்தது. 29-ஐயும் 12-ஐயும் கூட்டினால் 41. அப்போதுதான் புரிந்தது. அந்தத் தாளை நிரப்பியவர் `Yuran` என்ற தலைப்பின் கீழ் கட்டிய பணத்தை எழுதவில்லை, கட்ட வேண்டிய பாக்கியை எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் 0 என்றால் கட்டி முடித்தாயிற்று. 50 என்றால் இன்னும் வரவில்லை.

அவர் செய்தது தவறே இல்லை. நாம் அனுப்பிய பாரத்தில் அந்தத் தலைப்பு எதைக் குறிக்கிறது என்று யாருமே சொல்லவில்லை.

இதை `EXACT` கண்டுபிடிக்காது, தலைப்பு எழுத்துக்கு எழுத்து ஒன்று. வரி எண்ணிக்கை கண்டுபிடிக்காது. தாளின் கூட்டுத்தொகையைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டாலும் 600-க்கு 600 என்று அழகாக ஒத்துப்போகும். கணினிக்குள் இருக்கும் எந்தச் சோதனையும் போதாது. வெளியே இருக்கும் ஒன்றோடு, ரசீதுப் புத்தகத்தோடு, வங்கிச் சீட்டோடு உரசிப் பார்த்தால்தான் தெரியும். உரசிப் பார்க்க ஒன்றும் இல்லை என்றால், ஒவ்வொரு தாளிலிருந்தும் மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, நிரப்பியவருக்கே போன் போட்டுக் கேளுங்கள்: “அண்ணே, இந்தப் பிள்ளைக்கு 50-ன்னு போட்டிருக்கீங்க. கட்டிட்டாங்களா, கட்டணுமா?” “சரியா இருக்கா?” என்று கேட்டால் “சரிதான்” என்றுதான் சொல்வார். இரண்டில் எது என்று கேட்க வேண்டும்.

அலோர் காஜா தாளில் மட்டும் 50-இலிருந்து கழித்து, தலைப்பை `Sudah Bayar` என்று எல்லாத் தாளிலும் மாற்றி, மறுபடி சேர்த்தேன். கூட்டுத்தொகை 5,300. நினைவூட்டல் 42 பேருக்கு இல்லை, 25 பேருக்கு. பட்டியலைப் பார்க்காமல் அனுப்பியிருந்தால், சம்பளத்தில் எடுத்து வைத்து முதல் வாரமே கட்டிவிட்ட 29 குடும்பங்களுக்கு “இன்னும் கட்டவில்லை” என்று போயிருக்கும். உண்மையிலேயே கட்ட முடியாமல் தவித்த 12 வீட்டுக்கு யாரும் போன் போட்டிருக்க மாட்டோம். அந்தப் 12 பேரில் நான்கு பேருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துகொடுத்தோம். அது தனியாக `Dikecualikan` என்று வேறொரு பத்தியில் இருக்கிறது, பூஜ்ஜியமாக அல்ல.