கடன் தவணை அட்டவணை: கட்டங்களில் விழுந்துவிட்டால் போதுமா?

வங்கி அனுப்பிய பிடிஎஃப்பில் இருந்து தவணை அட்டவணையை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால், பெரும்பாலும் ஒவ்வொரு தவணையும் ஒரே கட்டத்துக்குள் ஒரு நீள வரியாக வந்து விழும். அதைத் தேதி, தவணை, வட்டி, அசல், நிலுவை என்று ஐந்து பத்திகளாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிரித்தது சரிதானா என்பதில்தான் பல தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கடைக்காக வாங்கிய 5,00,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 9 சதவீதம், 60 மாதம், பணம் கைக்கு வந்தது 2024 மார்ச் 5. ஒட்டிய வரிகள் இப்படி இருக்கின்றன:

```
05/04/2024 10,379.00 3,750.00 6,629.00 4,93,371.00
05/05/2024 10,379.00 3,700.00 6,679.00 4,86,692.00
05/06/2024 10,379.00 3,650.00 6,729.00 4,79,963.00
```

நம்பிக்கை: கட்டத்தில் தேதி போலத் தெரிந்தால் அது சரியான தேதிதான்.

இல்லை. அதிகச் சேதம் செய்யும் பிழை இதுதான். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மாதம் முதலில், நாள் பிறகு என்று எக்செல் படிக்கும். ஏப்ரல் 5 என்பது மே 4 ஆகிவிடும். ஜூன் 5 என்பது மே 6 ஆகும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கட்டும் கடனில் எல்லாத் தவணையும் மே மாதத்திலேயே போய் உட்காரும். 15ஆம் தேதித் தவணையாக இருந்தால், 15ஆவது மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாக ஏற்காது. எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும், கண்ணில் படும். 12ஆம் தேதி வரையிலான தவணைகளுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். 2024-25 நிதியாண்டுக்கு இந்தக் கடனின் வட்டி 41,636 ரூபாய். தேதிகள் புரண்டுவிட்டால் 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகள் 2025 மே 1, 2, 3 ஆகி அடுத்த நிதியாண்டுக்குத் தாவிவிடும். தேதியை வைத்துக் கூட்டினால் 31,929 ரூபாய்தான் வரும். 9,707 ரூபாய் வட்டி அந்த ஆண்டுச் செலவில் ஏறாமலே போகும். ஐந்து பத்தியும் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும்.

தடுக்கும் வழி எளிது. ஒட்டிய பத்தியைத் தேர்ந்தெடுத்து `Data` > `Text to Columns` போங்கள். மூன்றாவது படியில் தேதிப் பத்தியைத் தொட்டு `Date: DMY` என்று குறியுங்கள். ஒட்டும்போதே பத்திகள் தானாகப் பிரிந்துவிட்டால் தேதிகள் அப்போதே மாறியிருக்கும். பிறகு `DMY` கொடுத்துப் பயனில்லை. அழித்துவிட்டு, கட்டங்களை முதலில் `Text` வடிவத்துக்கு மாற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். கூகுள் ஷீட்ஸில் `File` > `Settings` உள்ளே `Locale` என்பதை இந்தியா என்று வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

நம்பிக்கை: காற்புள்ளியை வைத்துப் பிரிக்கலாம்.

4,93,371.00 என்பது 4, 93, 371.00 என்று மூன்று கட்டமாகச் சிதறும். நம் தொகைகளுக்குள்ளேயே காற்புள்ளி இருக்கிறது. அதனால் இடைவெளியை, அதாவது `Space` என்பதைப் பிரிப்பானாகக் கொடுங்கள்; `Treat consecutive delimiters as one` என்பதையும் தேர்ந்தெடுங்கள். தொகைகள் எண்ணாக மாறாமல் எழுத்தாகவே தங்கிவிட்டால் `SUM` அவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும், கூட்டுத்தொகை பூஜ்யம் என்று காட்டும். வலைப்பக்கத்தில் இருந்து எடுத்த வரிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகை இடைவெளியும் எண்ணோடு ஒட்டி வரும். காற்புள்ளி, அந்த இடைவெளி இரண்டையும் பக்கத்துப் பத்தியில் இப்படி நீக்கலாம்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(E3,",",""),CHAR(160),""))
```

நம்பிக்கை: வட்டியும் அசலும் கூட்டித் தவணை வந்துவிட்டால் பத்திகள் சரி.

பாதிதான் உண்மை. சில அட்டவணைகளில் வட்டி முதலில் வரும், சிலவற்றில் அசல் முதலில் வரும். தலைப்பு வரி ஒட்டும்போது உடைந்துபோனால் எது எது என்று குழப்பம் வரும். இரண்டும் இடம் மாறினாலும் கூட்டல் அதே 10,379தான். ஆகவே இந்தச் சோதனை அந்த இடமாற்றத்தைக் கண்டுபிடிக்காது. காட்டிக்கொடுப்பது நிலுவைதான்: முந்தைய நிலுவையில் இந்த மாத அசலைக் கழித்தால் இந்த மாத நிலுவை வர வேண்டும். 2ஆவது வரியில் கடன் தொகையை மட்டும் `E2` கட்டத்தில் எழுதி, முதல் தவணையை 3ஆவது வரியில் தொடங்குங்கள். பக்கத்தில் இந்த இரண்டு சூத்திரங்களைப் போட்டுக் கடைசித் தவணை வரை இழுத்துவிடுங்கள்.

```
=ROUND(B3-C3-D3,2)
=ROUND(E2-D3-E3,2)
```

இரண்டு பத்தியும் மேலிருந்து கீழ்வரை பூஜ்யமாக இருக்க வேண்டும். வட்டியும் அசலும் மாறியிருந்தால், முதல் சூத்திரம் பூஜ்யம் காட்டும்போதே இரண்டாவது சூத்திரம் முதல் வரியில் 2,879 என்று காட்டும். பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு தவணை விடுபட்டிருந்தாலும் சரியாக அதற்கு அடுத்த வரியில் வித்தியாசம் எழும்.

இங்கே ஒரு நுட்பமான பொறி உண்டு. சில நிறுவனங்கள் தவணை கட்டிய பின் உள்ள நிலுவைக்குப் பதில், கட்டுவதற்கு முன் உள்ள தொடக்க நிலுவையை அதே வரியில் அச்சிடும். அதை இறுதி நிலுவை என்று எடுத்துக்கொண்டால், முதல் தவணை வரியில் 6,629 வித்தியாசம் வரும். அடுத்த வரியில் வருவது 50 ரூபாய்தான், ஏனென்றால் 6,679க்கும் 6,629க்கும் உள்ள இடைவெளி அவ்வளவே. அதன் பிறகும் எல்லா வரியிலும் 50, 50, 51 என்று சின்னச் சின்னத் தொகையாகவே வரும். ரூபாய் முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம் என்று பலர் இதைத் தள்ளிவிடுகிறார்கள். முழுமையாக்கும் வித்தியாசம் ஓரிரு ரூபாயைத் தாண்டாது, எல்லா வரியிலும் ஒரே திசையில் வளரவும் செய்யாது. இப்படிக் கண்டால் நிலுவைப் பத்தியை ஒரு வரி மேலே நகர்த்துங்கள், சரியாகிவிடும்.

நம்பிக்கை: ஒட்டவே வேண்டாம், சூத்திரம் போட்டு அட்டவணையை நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

`=PMT(9%/12,60,-500000)` என்று போட்டால் 10,379.18 வரும், வங்கி 10,379 என்று அச்சிட்டிருக்கிறது. அந்தக் காசு வித்தியாசம் சேர்ந்து கடைசித் தவணையின் தொகையை மாற்றும். அதனால் அட்டவணையின் கடைசி வரி மற்ற வரிகளைப் போல இல்லாவிட்டால் அது பிழையல்ல. நாள் கணக்கில் வட்டி போடும் நிறுவனமாக இருந்தால், மார்ச் 5 முதல் ஏப்ரல் 5 வரையிலான 31 நாளுக்கு 3,750 ரூபாய்க்குப் பதில் சுமார் 3,822 ரூபாய் வட்டி வரும். நடுவில் வட்டி விகிதம் மாறியிருந்தால் நம் சூத்திரம் முழுக்கவே விலகிப்போகும். நம் கணக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அச்சிட்ட எண்ணைத் திருத்த அதைப் பயன்படுத்தக் கூடாது.

ஒட்டிய மூல வரிகளைத் தனித் தாளில் தொடாமல் வைத்திருங்கள். சோதனைப் பத்தியில் பூஜ்யம் அல்லாத எண் வந்தால் முதலில் அந்த வரியை மூலத்தோடு ஒப்பிடுங்கள். மூலத்திலேயே அந்த வித்தியாசம் இருந்தால், தவணைத் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டுக் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.