ரயிலில் நின்றபடி ஒரு மெய்ப்பு

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. அதனால் அலுவலகத்துக்கு அனுப்பும் சின்னச் செய்தியைக்கூட என் தங்கை முதலில் எனக்கு அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பாத்துடு" என்பாள். அண்மையில் ஒரு காலை 9.10க்கு வந்தது இது:

"வணக்கம் சார் ட்ரெயின் பெருங்களத்தூர்ல நிக்குது சிக்னல் கோளாறாம் ஒரு மணிக்கு வந்துவிட்டேன் மீட்டிங் பேப்பர் ரெடி மன்னிக்கவும்"

இப்படிப்பட்ட செய்தியில் நான் முதலில் பார்ப்பது நேரத்தையும் வினைச்சொல்லையும்தான். அவள் சொல்ல வந்தது 'ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன்'. 'நேரத்தில்' விடுபட்டதால் அது பகல் ஒரு மணியாகிவிட்டது. 'வந்துவிடு' என்று தட்டும்போதே கைபேசி நீட்டிய 'வந்துவிட்டேன்' மேல் விரல் பட்டிருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததால் இரண்டும் சுலபமாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். வாய்விட்டுப் படித்தால் உடனே பிடிபடும்.

'ஒரு மணி நேரத்தில்' என்று திருத்தினாலும் எனக்குப் போதவில்லை. மேலாளர் அதை 9.40க்குத் திறந்தால் அவர் மனதில் 10.40 ஆகிவிடும். கடிகார நேரமாகவே எழுத வேண்டும். "எத்தனை மணிக்கு உள்ளே நுழைவாய்?" என்று கேட்டேன். ரயில் நகர்ந்தால் கிண்டிக்கு அரை மணி நேரம், அங்கிருந்து பத்து நிமிட நடை. எப்போது நகரும் என்று தெரியாததால் இன்னும் அரை மணிக்குச் சற்று மேலாகவே சேர்த்து 10.30 என்று முடிவுசெய்தோம். குறைத்துச் சொல்லிவிட்டு மறுபடி தள்ளிப்போடுவதைவிட இது நல்லது.

'கோளாறாம்' என்பது பெட்டியில் யாரோ சொன்னது. அதை எடுத்துவிட்டு அவள் கண்ணால் கண்டதை மட்டும் வைத்தேன். 'மீட்டிங் பேப்பர் ரெடி' என்றால் அது எங்கே இருக்கிறது, யார் எடுத்துக் கொடுப்பார்கள்? இதை நானாக ஊகித்து எழுதக் கூடாது, அவளிடமே கேட்டேன். அடுத்தது வரிசை. பூட்டிய திரையில் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். ஆகவே வந்துசேரும் நேரம் முதல் வரிக்குப் போனது.

"வணக்கம் சார். இன்று 9.30க்குப் பதில் 10.30 மணிக்குள் வந்துவிடுவேன். என் ரயில் பெருங்களத்தூரில் 20 நிமிடமாக நிற்கிறது. 10 மணிக் கூட்டத்துக்கான கணக்குத் தாள்கள் என் மேசையின் மேல் டிராயரில் உள்ளன. பக்கத்து இருக்கை அக்காவிடம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

கடைசிக்கு முந்தைய வாக்கியம் உண்மையாக வேண்டுமே! அதனால் முதலில் அந்த அக்காவுக்குப் போன் செய்யச் சொன்னேன், பிறகுதான் செய்தி போனது. 9.40 வரை ரயில் நகராவிட்டால் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து பிடித்துவிட்டு, புதிய நேரத்தை மட்டும் ஒரே வரியில் அனுப்பு என்றும் சொல்லிவைத்தேன்.