நான்கு லெக்கும் ஒரே விலையில் நிரம்புவதில்லை

"பாஸ்கெட் ஆர்டர்தானே சார், நான்கு லெக்கும் ஒரே நொடியில் நிரம்பிவிடும். கேண்டில் குளோஸ் விலையை வைத்து பேக்டெஸ்ட் செய்தால் போதும்." ஆப்ஷன் உத்திகளைச் சோதிக்கிறவர்களைச் சந்திக்கும் இடமெல்லாம் இதைக் கேட்கிறேன். பைத்தான் தெரிந்தவர்கள், இயக்கநிரல் முழுவதையும் தாமே எழுதியவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். இது தவறு. அதுவும் சின்னத் தவறு அல்ல, நஷ்டமான உத்தியை லாபமாகக் காட்டுகிற தவறு.

பாஸ்கெட் என்பது தரகர் திரையில் உள்ள ஒரு வசதி. அதில் போட்ட நான்கு ஆர்டர்களும் தனித்தனியாகத்தான் சந்தைக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் தன் ஸ்ட்ரைக்கின் ஆர்டர் புத்தகத்தில் தனியாக விலை தேடுகிறது. மூன்று நிரம்பி ஒன்று தொங்கி நிற்கலாம். அப்போது உங்கள் கையில் இருப்பது ஐயர்ன் காண்டார் இல்லை, வேறு ஏதோ.

கேண்டில் குளோஸ் என்பதும் அந்த நிமிடத்தின் முடிவில் கிடைக்கும் விலை இல்லை. அந்த நிமிடத்துக்குள் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை, அவ்வளவுதான். அது 59-ஆம் நொடியில் நடந்திருக்கலாம், 9-ஆம் நொடியிலும் நடந்திருக்கலாம். நிஃப்டி வார ஆப்ஷனில், சந்தைக்கு அருகில் உள்ள ஸ்ட்ரைக்குகளில் இது பெரிதாகத் தெரியாது. அங்கே நொடிக்கு நொடி வியாபாரம் நடக்கிறது. மாத ஆப்ஷனில், 50-இல் முடியும் தொலைவான ஸ்ட்ரைக்கை ஹெட்ஜாக வாங்கும்போதுதான் கதை மாறுகிறது.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நிஃப்டி 25,000-இல் இருக்கிறது, மாத எக்ஸ்பைரிக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. 25,500 கால், 24,500 புட் இரண்டையும் விற்று, 25,850 கால், 24,150 புட் இரண்டையும் வாங்குகிறோம். 10:15 கேண்டில் முடியும்போது பிட், ஆஸ்க் இப்படி: 25,500 கால் 118.00, 118.60. 24,500 புட் 104.00, 104.70. 25,850 கால் 48.50, 50.50. 24,150 புட் 56.00, 58.50.

விற்பவருக்கு பிட் விலை, வாங்குபவருக்கு ஆஸ்க் விலை. ஆக, கையில் வரும் பிரீமியம் 222-இலிருந்து 109 போக 113 ரூபாய். நடுவிலையில் கணக்கிட்டால் 115.90. இப்போது கேண்டிலைப் பாருங்கள். மற்ற மூன்று லெக்கின் குளோஸும் நடுவிலையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24,150 புட்டில் மட்டும் கடைசி வியாபாரம் 10:15:09-க்கு, 54 ரூபாயில். அதன் பிறகு நிஃப்டி 30 புள்ளி இறங்கியது. யாரும் 54-க்கு விற்கத் தயாராக இல்லை. ஆனால் உங்கள் இயக்கநிரல் 54-க்கு "வாங்கிவிட்டது". கணக்கில் வரும் பிரீமியம் 119.15. உண்மைக்கும் இதற்கும் 6.15 ரூபாய் வித்தியாசம். 75 கொண்ட லாட்டுக்கு நுழையும்போதே 461 ரூபாய் கற்பனைப் பணம்.

"சில நேரம் கூடும், சில நேரம் குறையும், சராசரியில் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆகாது! "பிரீமியம் 118-க்கு மேல் கிடைத்தால் நுழை" என்று ஒரு நிபந்தனை வைத்த கணமே, அந்த நிபந்தனை பழைய விலை ஒட்டியிருக்கும் நிமிடங்களாகப் பார்த்துப் பொறுக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் உண்மை விலைக்கு நுழைவே இல்லை; தவறான விலைக்குத்தான் நுழைவு. அளவுருக்களை மாற்றி மாற்றி ஓட்டிச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும்போது, சிறந்த உத்தியை அல்ல, பிழையை நன்றாகச் சுரண்டும் உத்தியைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

பழைய விலையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஒரே ஸ்ட்ரைக்கின் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்து, ஸ்ட்ரைக்கைக் கூட்டினால், அதே மாத ஃப்யூச்சர் விலைக்கு அருகில் வர வேண்டும். பல புள்ளி விலகினால், ஏதோ ஒரு விலை காலாவதியானது. அந்த நிமிடத்தை நம்பாதீர்கள்.

"ஈவன்ட்-டிரிவன் முறையில் எழுதிவிட்டேன், எனவே யதார்த்தமானது." இல்லை. நிகழ்வு வரிசைக்குள் கேண்டில் குளோஸை ஊட்டினால் வெளியே வருவதும் அதே பொய்தான். அந்த அமைப்பின் பயன் ஒன்றே: முடிவெடுத்த நேரத்தையும் ஆர்டர் சந்தையை அடைந்த நேரத்தையும் பிரிக்க முடியும். பிரிக்காவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

```python
def on_signal(leg, now):
    queue.push(now + latency(), Arrive(leg))

def on_arrive(leg, now):
    q = book[leg.symbol]
    if now - q.time > MAX_AGE:
        return queue.push(now, Reject(leg))
    if leg.buy:
        price, size = q.ask, q.ask_qty
    else:
        price, size = q.bid, q.bid_qty
    queue.push(now, Fill(leg, price, min(leg.qty, size)))
```

விலை முடிவாவது `on_arrive`-இல், `on_signal`-இல் அல்ல. அந்த இடத்தில் இருக்கும் அளவுக்குத்தான் நிரம்பும். மீதி அடுத்த விலைக்குப் போக வேண்டும். மார்ஜினுக்காக ஹெட்ஜ் லெக் இரண்டையும் முதலில் வாங்குவது வழக்கம். எனவே அவற்றின் `Fill` வந்த பிறகே விற்கும் லெக்குகளுக்கு `on_signal` நடக்க வேண்டும். இடையில் சந்தை நகர்ந்தால் அந்த நகர்வும் உங்கள் கணக்கில் விழும். ஒரு லெக் `Reject` ஆனால் என்ன செய்வது, மீண்டும் அனுப்புவதா, எடுத்ததை விற்று வெளியேறுவதா என்பதையும் எழுதியே ஆக வேண்டும். பலர் இந்தப் பகுதியைக் காலியாக விடுகிறார்கள்.

"நடுவிலையில் லிமிட் போட்டால் நிரம்பிவிடும்." நிரம்பும், சந்தை உங்களுக்கு எதிராக ஓடும்போது எல்லாருக்கும் முன்பாக நிரம்பும். விலை உங்கள் லிமிட்டைத் தொட்டதை வைத்து நிரம்பியதாக எண்ணாதீர்கள், அதைத் தாண்டி வியாபாரம் நடந்திருக்க வேண்டும்.

"ஸ்டாப்லாஸ் சரியாக அந்த விலையில் கிடைக்கும்." ஸ்டாப் ஒரு தூண்டுதல் மட்டுமே. தூண்டிய பிறகு வரும் ஆஸ்க்தான் உங்கள் விலை. பதற்றமான நேரத்தில் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளி விரிந்துதான் இருக்கும்.

"விதிகள் மாறாதவை." நிஃப்டி லாட் 2024-இல் 50-லிருந்து 25 ஆகி, அதே ஆண்டில் 75 ஆனது. ஆப்ஷன் விற்பனைக்கான எஸ்டிடி 2024 அக்டோபர் 1 முதல் 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 ஆனது. 2025 செப்டம்பரிலிருந்து வார எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. இவற்றைத் தேதியோடு ஒரு அட்டவணையில் வையுங்கள், நிரலுக்குள் எண்ணாகப் புதைக்காதீர்கள்.

இத்தனை குழப்பத்துக்கும் வேர், இலவசமாகக் கிடைக்கும் கேண்டில் தரவு. அதில் பிட்டும் இல்லை, ஆஸ்க்கும் இல்லை. இல்லாததை எந்த நிரலும் உருவாக்காது. தரகர்களின் நேரலை ஊட்டத்தில் ஐந்து நிலை ஆழம் வருகிறது. நீங்கள் வியாபாரம் செய்யும் ஸ்ட்ரைக்குகளின் பிட், ஆஸ்க், அளவு, நேரம் நான்கையும் தினமும் பதிந்து வையுங்கள். உங்கள் உண்மையான ஆர்டர் எந்த விலைக்கு நிரம்பியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சில மாதம் சேர்ந்ததும் அதே வியாபாரங்களை நடுவிலையில் ஒரு முறை, பிட்-ஆஸ்க்கில் ஒரு முறை, ஒரு நொடித் தாமதத்தோடு ஒரு முறை ஓட்டுங்கள். நடுவிலையில் மட்டும் லாபம் தந்த உத்தியில் பணம் போடாதீர்கள்.