ஐந்து நிமிடத்தில் நேர்த்திக்கடன்: வீரபாண்டிக் கள ஆய்வு முடிவைப் பிறதுறையோர்க்கு உரைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

தேனி மாவட்டம் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் செலுத்தப்பெறும் நேர்த்திக்கடன் குறித்த முனைவர் பட்ட ஆய்வின் முடிவை, நாட்டார் வழக்காற்றியல் பயிலாத அவையினர்க்கு ஐந்து நிமிடத்தில் எடுத்துரைத்தபோது எழுந்த சொல், சான்று, வரம்பு ஆகிய சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சடங்கு, நேர்த்திக்கடன், தீச்சட்டி, வீரபாண்டி, சுருங்கச் சொல்லல்

முன்னுரை

ஆய்வேட்டைச் சில நிமிடங்களில் சொல்லும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் பரவியுள்ளது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி இதன் அறியப்பட்ட வடிவம். 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை வாசித்து முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும், போட்டியாளர்க்கோ மூன்று நிமிடமே உண்டு என்பது அதன் அறிமுக வாசகம். அசையாத ஒரே படத்தைக் காட்டலாம் என்பது அதன் விதி. நம் கல்லூரிகளில் இதையொட்டி நடைபெறும் அமர்வுகள் சிலவற்றில் ஐந்து நிமிடம் தரப்படுகிறது. அத்தகைய ஓர் அமர்வுக்காக எழுதிய உரையே இங்கு ஆய்வுப்பொருள். அவையில் வணிகவியல், இயற்பியல் மாணவர்களும் அவர்தம் பெற்றோர் சிலரும் இருந்தனர்.

சுருக்குவது தரத்தைக் குறைப்பது என்னும் எண்ணம் நம் துறையினரிடம் உண்டு. பவணந்தியார் அவ்வாறு கருதவில்லை. நன்னூல் பாயிரம் நூலின் பத்து அழகுகளுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைக்கிறது. பத்துக் குற்றங்களுள் முதலாவதாக வைப்பது குன்றக் கூறலை. சுருங்குதலும் குன்றுதலும் வேறு என்பதை இவ்விரு பட்டியல்களின் தலைப்புகளே உணர்த்திவிடுகின்றன. எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதை மட்டும் உரையாளரே கண்டறிய வேண்டியுள்ளது.

'சடங்கு' என்னும் சொல்

முதல் வரைவு, சடங்கு என்பதன் வரையறையோடு தொடங்கியது. ஆர்னால்ட் வான் ஜென்னப் 1909இல் வகுத்த பிரிதல், இடைநிலை, மீள்சேர்க்கை என்னும் மூன்று கட்டங்கள் அதைத் தொடர்ந்தன. நிதானமாக வாய்விட்டுப் படித்துப் பார்த்ததில் ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 400 சொற்களே அடங்கின. வரையறையும் வான் ஜென்னப்பும் அவற்றுள் 150 சொற்களை எடுத்துக்கொண்டனர். வீரபாண்டி இரண்டாம் நிமிடத்தின் இறுதியில்தான் தலைகாட்டியது.

கால இழப்பினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. மதுரை, தேனிப் பகுதிப் பேச்சுவழக்கில் 'சடங்கு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பூப்பு நீராட்டு விழா. 'சடங்கு வீட்டுக்குப் போகணும்' என்று ஒருவர் சொன்னால் எந்த விழா என்று எவரும் கேட்பதில்லை. இன்னொரு பொருளும் உண்டு. 'சும்மா சடங்குக்குச் செஞ்சாங்க' என்றால் மனம் ஒன்றாமல் கடமைக்குச் செய்தார்கள் என்பது கருத்து. ஆகவே 'வீரபாண்டியில் நிகழும் சடங்குகளை ஆராய்ந்தேன்' என்ற தொடர், கேட்போர் சிலருக்குப் பூப்பு விழாவையும் வேறு சிலருக்குப் பொருளற்ற செயலையும் குறித்திருக்கும். துறைக்குள் நாம் அச்சொல்லை எவ்வகை மதிப்பீடும் இன்றி ஆளுகிறோம். அவைக்கு அது தெரிய வழியில்லை. உலகம் மலையாமை என்று நன்னூல் கூறும் அழகு இங்கு நேராகப் பொருந்துகிறது.

'கம்பம் நடுதல்' என்பதும் இவ்வகையினதே. திருவிழாவின் தொடக்கமாக மூன்று கிளை கொண்ட மரக்கம்பம் கோயிலில் நடப்படுவதையும், அடியார்கள் முல்லையாற்று நீரைக் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவதையும் அறியாதவர்க்குக் கம்பம் என்பது அதே பள்ளத்தாக்கிலுள்ள ஊர், அல்லது மின்கம்பம். விளக்க இரு தொடர்கள் தேவை. அவற்றுக்கு இடமில்லாததால் கம்பத்தையே விட்டுவிட நேர்ந்தது. ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் அதைப் பற்றியது என்பதால் இவ்விழப்பு எளிதாக இல்லை.

கடன் என்னும் திறவுகோல்

தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டியவர் கள ஆய்வில் சந்தித்த மூதாட்டி ஒருவர். தீச்சட்டி எடுத்து வந்து ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தவரிடம், 'என்ன வேண்டிக்கிட்டு எடுத்தீங்க பாட்டி?' என்று கேட்டேன். 'வேண்டுனது எம் மகன் சின்னப்புள்ளையா இருக்கையில தம்பி. இது வேண்டுறது இல்ல, பட்ட கடன அடைக்கிறது' என்றார்.

இவ்விடை ஆய்வேட்டின் மைய முடிவைத் தன்னுள் கொண்டுள்ளது. நேர்த்திக்கடன் மூன்று கட்டங்களால் ஆனது. நோய் முதலிய இடர் வந்தபோது, 'இது தீர்ந்தால் இதைச் செய்கிறேன்' என்று நேர்ந்துகொள்வது முதற்கட்டம். இடர் தீர்வதும் அதனால் கடன் உறுதிப்படுவதும் இரண்டாவது. விரதமிருந்து தீச்சட்டியோ ஆயிரங்கண் பானையோ எடுத்தும், உடலில் சேறு பூசிச் சேத்தாண்டி வேடம் புனைந்தும் செலுத்துவது மூன்றாவது. முதலிரு கட்டங்கள் பெரும்பாலும் வீட்டிலோ மருத்துவமனையிலோ சான்றின்றி நிகழ்வன. ஊரார் கண்ணுக்கும் நிழற்படக் கருவிக்கும் எட்டுவது மூன்றாவது மட்டுமே. தீச்சட்டி ஏந்தி வருபவர் எதையோ கேட்டு வருகிறார் என்று பார்ப்பவர் எண்ணுகின்றனர். அவரோ கேட்டதைப் பெற்றுவிட்டுக் கணக்கை முடிக்க வருகிறார்.

'தீர்ந்தால்' என்ற எச்சத்திலுள்ள நிபந்தனையே கடனை உண்டாக்குகிறது. செலுத்துதல், தீர்த்தல், அடைத்தல் என்று மக்கள் ஆளும் வினைகள் அனைத்தும் கொடுக்கல் வாங்கலுக்கு உரியவை. இதை விளக்கக் கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை. வணிகவியல் மாணவர்க்குக் கடன் தெரியும். நேர்ந்தவரே செலுத்த வேண்டும் என்பதும் இல்லை. குழந்தைக்காகத் தாய் நேர்ந்துகொண்டதை அக்குழந்தை வளர்ந்தபின் செலுத்துவது உண்டு. தான் சொல்லாத சொல்லுக்குத் தான் கட்டுப்படுதல் என்னும் இக்கூறு, நேர்த்திக்கடனைத் தனிமனித நம்பிக்கையாக மட்டும் காணும் பார்வைக்கு அடங்காதது.

திருந்திய உரை

திருந்திய உரை இவ்வாறு தொடங்கியது: 'ஒரு தாய் தன் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஒரு வாக்குக் கொடுக்கிறாள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த வாக்கை நிறைவேற்ற, வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தை நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்துகிறது. இந்தக் கடனுக்குப் பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. பிறகு ஏன் அடைக்கிறார்கள்?' முதல் நிமிடம் இதற்கே சென்றது. அடுத்த இரண்டு நிமிடங்கள் மூன்று கட்டங்களுக்கு. வான் ஜென்னப் பெயர் இடம்பெறவில்லை. அவருடைய கருத்து மட்டும் கட்டங்களின் வரிசையாக உள்ளே நின்றது.

காட்டும் படம் குறித்தும் தயக்கம் இருந்தது. எரியும் தீச்சட்டியின் படம் அவையை ஈர்க்கும். ஆனால் அது மூன்றாம் கட்டத்தின் படம். உரை மறுக்க வந்த தவறான எண்ணத்தையே அது உறுதிசெய்யும். அதனால் நெருப்பிடாத வெறும் மண்சட்டியின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

நான்காம் நிமிடத்தில்தான் குன்றக் கூறலின் எல்லை வந்தது. தீச்சட்டி எடுப்போர் அனைவரும் கடன் தீர்ப்போர் அல்லர். குடும்ப வழக்கமாக ஆண்டுதோறும் எடுப்போர் உள்ளனர். எதையும் நேர்ந்துகொள்ளாமல் எடுப்போரும் உள்ளனர். இதைச் சொல்ல 20 நொடி தேவைப்பட்டது. நேரம் மிஞ்சியபோது நண்பர்கள் முதலில் வெட்டச் சொன்னது இப்பகுதியையே. இதை வெட்டினால் உரை சுருங்காது, குன்றும். 'பெரும்பாலோர்' என்னும் ஆய்வு முடிவு 'எல்லோரும்' என்று திரிந்துவிடும். அவையில் வீரபாண்டிக்காரர் ஒருவர் இருந்தாலே அந்தப் பிழை வெளிப்பட்டுவிடும். நாட்டார் வழக்காறு குறித்துப் பேசுவோர் இதை மறக்கலாகாது. அவையோர் துறையறியாதவர் என்பதால் பொருளும் அறியாதவர் என்று கொள்ள முடியாது. வெட்டப்பட்டது, வீரபாண்டிய மன்னன் பார்வையிழந்து கௌமாரியை வழிபட்டு மீண்டும் பார்வை பெற்றதாகக் கூறும் தலவரலாறு. கேட்க இனியதாயினும் அது இங்கு மற்றொன்று விரித்தலாகவே அமைந்திருக்கும்.

அவையின் வினா

உரை முடிந்ததும் மாணவர் ஒருவரின் தாயார் கேட்டார்: 'சரிய்யா, குணமாகலைன்னா கடன் உண்டா இல்லையா?'

உரையில் மட்டுமன்று, ஆய்வேட்டிலும் இதற்கு விடை இல்லை. நிபந்தனைதான் கடனை உண்டாக்குகிறது என்று ஓர் இயல் முழுவதும் வாதிட்ட பின்னரும், நிபந்தனை நிறைவேறாத நேர்ச்சை ஒன்றுகூட அதில் பதிவாகவில்லை. காரணம் கள ஆய்வின் அமைப்பிலேயே உள்ளது. பேட்டிகள் அனைத்தும் திருவிழா நாள்களில் கோயில் வளாகத்திலும் ஆற்றங்கரையிலும் எடுக்கப்பட்டவை. செலுத்துதற்குக் கடன் உள்ளவரே அங்கு வருவர். குழந்தையை இழந்த தாய் நேர்ந்துகொண்டது என்னவாயிற்று என்பதை அறிய வேண்டுமானால் அவ்விடத்தில் காத்திருந்து பயனில்லை. வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய கருத்தரங்குகளில் துறைசார் அறிஞர் பலர் இவ்வியலைக் கேட்டுள்ளனர். கோட்பாடு பற்றி வினவினர். இவ்வினாவை எவரும் எழுப்பவில்லை. கோட்பாட்டுப் பெயர்கள் நீங்கி, 'தீர்ந்தால்' என்ற சொல் மட்டும் வெளிப்பட நின்றதால் அது அத்தாயாரின் கண்ணில் பட்டிருக்கலாம்.

அடுத்த கட்டக் கள ஆய்வு திருவிழா இல்லாத மாதங்களில், வீரபாண்டியைச் சுற்றியுள்ள ஊர்களின் வீடுகளில் நடைபெறவுள்ளது. வினாநிரலின் முதல் வினா மாற்றப்பட்டுள்ளது. 'என்ன நேர்த்திக்கடன் செலுத்தினீர்கள்?' என்றிருந்த இடத்தில், 'நேர்ந்துகொண்டு செலுத்தாமல் விட்டது ஏதேனும் உண்டா?' என்று இப்போது உள்ளது.