டியூஷன் விளம்பரமும் போன் விசாரிப்பும்: கணக்குப் பார்க்கச் சில குறிப்புகள்

திம்புள்ள, பத்தனை, தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் சாதாரண தர வகுப்போ புலமைப்பரிசில் வகுப்போ நடத்துகிறவர்களிடம் பெற்றோர் விசாரிப்பது போனில்தான். விளம்பரத்தில் படிவம் வைத்தாலும், அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் இலக்கத்துக்குக் கோல் எடுப்பார்கள். அதனால் எந்த விளம்பரம் பிள்ளைகளைக் கொண்டுவந்தது என்பதை பேஸ்புக் காட்டும் எண்ணிக்கையில் தேட முடியாது. உங்கள் போனிலும் ஒரு கொப்பியிலும்தான் தேட வேண்டும்.

1. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி இலக்கம் கொடுங்கள். இரண்டு சிம் போடும் சாதாரண போன் போதும். ஒரு சிம் இலக்கத்தை நோட்டீஸில் மட்டும் அச்சடியுங்கள். மற்றதை பேஸ்புக்கில் மட்டும் போடுங்கள். கோல் வரும்போது எந்த சிம்முக்கு வருகிறது என்று திரையிலேயே தெரியும். இரண்டு இலக்கத்தையும் ஒரே நோட்டீஸில் போட்டுவிட்டால் இந்த வேலை அத்தனையும் வீண். அச்சடிக்கக் கொடுக்குமுன், வகுப்பு நடக்கும் இடத்திலும் உங்கள் வீட்டிலும் அந்த சிம்முக்கு சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் எடுக்கும் நெட்வேர்க் அந்தப் பக்கம் எடுக்காது.

2. "எப்படித் தெரிஞ்சுச்சு?" என்று கேட்டால் "பிள்ளை சொன்னுச்சு" என்றுதான் பதில் வரும். அது பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு உதவாது. "இந்த நம்பரை எதுல பார்த்து எடுத்தீங்க?" என்று கேளுங்கள். "லயத்துக் கடையில நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு சேர்" என்றோ, "எங்க அண்ணன் கொழும்புல பேஸ்புக்ல பார்த்து அனுப்பினாரு" என்றோ தெளிவாகச் சொல்வார்கள். இதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். கட்டணமும் நேரமும் சொல்லி முடித்து, அவர்கள் மனம் இளகிய பிறகு கேளுங்கள்.

3. கொப்பியில் ஒரு வரிக்கு ஒரு வீடு. திகதி, எந்த சிம், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, பிள்ளை எந்தத் தரம், எதில் பார்த்தார்கள், மாதிரி வகுப்புக்கு வந்ததா, முதல் மாதக் காசு கட்டியதா. கடைசி இரண்டு கட்டமும் பிறகு நிரப்ப வேண்டியவை என்பதால் அவற்றுக்கு இடம் விட்டு எழுதுங்கள். கோல் முடிந்ததும் எழுத வேண்டும். இரவில் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும்.

4. கோல்களை எண்ணாதீர்கள், வீடுகளை எண்ணுங்கள். அம்மா ஒரு போனில் கேட்பார். கட்டணத்தை மறந்து அப்பா வேறு போனில் கேட்பார். அடுத்த நாள் அக்கா வழி கேட்பார். போனில் மூன்று இலக்கம், கொப்பியில் ஒரு பிள்ளை. பிரிவும் தரமும் எழுதியிருந்தால்தான் இது பிடிபடும். பேஸ்புக் விளம்பரத்தில் அழைப்புப் பொத்தானை அழுத்தியவர்கள் என்று வரும் எண்ணிக்கையும் அப்படித்தான். பொத்தானை அழுத்தினால் இலக்கம் திரையில் வரும், அவ்வளவுதான். அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர். உங்கள் போனின் அழைப்புப் பட்டியலில் இருப்பதே மெய்யான கோல்.

5. எடுக்காமல் விட்ட கோல்களைத் தனியாக எழுதுங்கள். இங்கே டியூஷன் எடுப்பவர்களில் பலர் பகலில் பாடசாலையில் இருப்பவர்கள். கொழுந்து பறிக்கும் தாய்மார் சாப்பாட்டு நேரத்திலும், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகும்தான் போனைக் கையில் எடுப்பார்கள். பகல் கோலை நீங்கள் எடுக்காவிட்டால் அவர்கள் திரும்ப முயல்வது குறைவு. அன்று மாலையே நீங்கள் எடுங்கள். இல்லையென்றால், விட்ட கோலின் தவறு விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும்.

6. இனி ஒரு மாதிரிக் கணக்கு. சாதாரண தரக் கணித வகுப்பு ஒன்றுக்கு ஒரு மாதத்தில் நோட்டீஸுக்கு 9,000 ரூபாயும் பேஸ்புக்குக்கு 8,000 ரூபாயும் செலவழித்ததாக வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் சிம்முக்கு 31 கோல், பேஸ்புக் சிம்முக்கு 64 கோல். இத்தோடு நிறுத்தினால் ஒரு கோலுக்கு நோட்டீஸில் 290 ரூபாய், பேஸ்புக்கில் 125 ரூபாய். நோட்டீஸை நிறுத்திவிடலாம் என்றே தோன்றும்.

கொப்பியைத் திறந்தால் கதை வேறு. நோட்டீஸ் சிம்மில் 22 வீடுகள்; 12 பிள்ளைகள் மாதிரி வகுப்புக்கு வந்து, 9 பேர் காசு கட்டினார்கள். பேஸ்புக் சிம்மில் 38 வீடுகள். 9 பேர் வந்து, 4 பேர் கட்டினார்கள். சேர்ந்த ஒரு பிள்ளைக்கு நோட்டீஸ் செலவு 1,000 ரூபாய், பேஸ்புக் செலவு 2,000 ரூபாய்.

இங்கேயும் நிற்கக்கூடாது. அந்த 38 வீடுகளில் 14 வீட்டின் கோலை யாரும் எடுக்கவில்லை, திரும்ப அழைக்கவுமில்லை. பேசக் கிடைத்தது 24 வீட்டோடு. அதில் 4 பேர் சேர்ந்தார்கள். அதே விகிதத்தில் பார்த்தால் மற்ற 14 வீட்டிலிருந்தும் இரண்டு பிள்ளைகள் வந்திருக்கலாம். அப்போது ஒரு பிள்ளைக்குச் செலவு ஏறக்குறைய 1,330 ரூபாய். இன்னொரு பக்கம், நோட்டீஸில் சேர்ந்த 9 பேரில் மூன்று பேர் ஒரே லயத்துப் பிள்ளைகள். ஒரு தாய் முடிவெடுத்தார், பக்கத்து வீட்டார் இரண்டு பேர் பின்னால் வந்தார்கள். ஆக நோட்டீஸ் நேரே எட்டியது ஏழு வீட்டை என்று கொண்டால், அதன் செலவும் 1,286 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. இரட்டிப்பாகத் தெரிந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒன்பதும் நாலும் போன்ற சின்ன எண்களை ஒரே மாதத்தில் நம்பி எதையும் நிறுத்தாதீர்கள். மூன்று மாதக் கொப்பியைச் சேர்த்துப் பாருங்கள்.

7. பேஸ்புக்கில் தலவாக்கலையைச் சுற்றிச் சில கிலோமீற்றர் என்று மட்டும் வட்டம் போடுவது இந்த ஊருக்கு முழுதாகப் பொருந்தாது. பிள்ளை தோட்டத்தில் இருக்கும். கட்டணம் அனுப்பும் அண்ணனோ மாமாவோ கொழும்பில் கடையில் நிற்பார். கொப்பியில் "அண்ணன் பார்த்தார்" என்று இரண்டு மூன்று முறை வந்துவிட்டால், கொழும்புக்கும் சிறு தொகையில் தனி விளம்பரம் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அதை முதல் விளம்பரத்தோடு சேர்க்க வேண்டாம். சேர்த்தால் பணம் எங்கே போனது என்று பிரிக்க முடியாது. விளம்பர எழுத்தில் ஊர்ப்பெயரும் தரமும் முதல் வரியிலேயே வரட்டும். மலையகத்தோடு தொடர்பில்லாதவர்கள் அதைப் பார்த்ததும் நகர்ந்துவிடுவார்கள்.

8. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டிக் கைக்கு வரும். அதற்குப் பிறகு விசாரிப்பு கூடுவது பெரும்பாலும் காசு வந்ததால். 11ஆம் திகதி நோட்டீஸ் கொடுத்துவிட்டு 12ஆம் திகதி கோல் குவிந்ததென்று நோட்டீஸைப் புகழ வேண்டாம். இந்த மாதம் 11 முதல் 17 வரை வந்ததை, போன மாதம் அதே நாட்களில் வந்ததோடு ஒப்பிடுங்கள். ஒரே வாரத்தில் நோட்டீஸ், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, பேஸ்புக் மூன்றையும் இறக்கினால் இந்த ஒப்பீடும் கெட்டுவிடும்.

9. மாதம் முடிந்ததும் நோட்டீஸ் சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள். நோட்டீஸ் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். பிள்ளையின் தவணைப் புள்ளி வந்த அன்று அந்த இலக்கத்துக்குக் கோல் வரும். அவ்வப்போது சிறு தொகை ரீலோட் செய்து சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அந்தப் பிள்ளை சேர்ந்தால், மூன்று மாதம் முந்திய நோட்டீஸ் செலவின் பக்கத்திலேயே எழுதுங்கள்.